நின்ற சக்கரங்கள்

2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியபோது அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கார், இ-பாஸ் நீங்கிய செப்டம்பரில்தான் நகர்ந்தது. வேகம் கூடியதும் தடதடவென ஓர் அதிர்வு. மறுநாள் அம்மாவைக் கண் அறுவைக்காக மதுரைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

டயருக்குள் ஒரு நைலான் அடுக்கு உண்டு. ஓட்டத்தின் சூட்டில் அது இளகும். நின்று ஆறுகையில், தரையில் அழுந்திய வடிவிலேயே விறைத்துக்கொள்ளும். ஓரிரவு நின்றதால் வந்த தட்டை, சில கிலோமீட்டர் ஓட்டத்தில் மறைந்துவிடும். மாதக்கணக்கில், அதுவும் காற்று இறங்கி, நம் சேலத்து வெயிலில் நின்றால் ரப்பரும் அவ்வடிவுக்குப் பழகிவிடுகிறது.

கதவோரச் சீட்டில் கண்ட அளவுக்குக் காற்றை நிரப்பி, ஓமலூர் சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டினோம். சூடு ஏற ஏற அதிர்வு அடங்கியது. ஆனால் பின்புறம் இடப்பக்கத்திலிருந்து ஒரு துடிப்பு மட்டும் விடவில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, அசையாத ஒரு சாக்கட்டியை அருகே பிடித்துச் சுழற்றினோம். ஓரிடத்தில் மட்டும் இடைவெளி விழுந்தது. வீல் பாலன்சிங் எடையைத்தான் சமன்செய்யும், வட்டத்தைத் திருத்தாது. அந்த டயரைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினோம்.