அரஃபாவில் ஒலித்த தமிழ்

ஹஜ், உலக முஸ்லிம்களின் மாநாடு. 2022 ஜூலை 8 அன்று அரஃபா குத்பா அரபியிலிருந்து 14 மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அவற்றுள் தமிழும் ஒன்று. கொட்டச்சேட்டில், அரபி அறியாத என் அன்னையார் அதைக் கைபேசியில் கேட்டுக் கண்கலங்கினார்.

உடனுக்குடன் மொழிபெயர்ப்போரின் சிரமத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அரபி வாக்கியத்தில் வினை பெரும்பாலும் முன்னே வரும். தமிழிலோ இறுதியில் வரும். முதலில் கேட்ட வினையை நெஞ்சில் நிறுத்தி, ஏனையவற்றைக் கூறி, முடிவில் அதனை உரைத்தல் வேண்டும். அதற்குள் அடுத்த வாக்கியம் தொடங்கிவிடும்! ஆகவேதான் மாநாடுகளில் இருவர் அமர்ந்து, ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்கின்றனர்.

முகம் காட்டாது நமக்குப் பொருள் காட்டிய அவர்களுக்கு, ஜஸாகுமுல்லாஹு கைரன்! உங்கள் துஆவிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.