பட்டியல் அறிவிப்பும் முதல் பாய்ச்சலும்

ஒரு கொயினைப் பெரிய சந்தையொன்று பட்டியலிடப் போகிறது என்ற செய்தி எங்கள் ஊரான உடப்புக்கு வந்து சேரும்போது, அந்தக் கொயினின் விலை பெரும்பாலும் ஏறி முடிந்திருக்கும். செய்தி டெலிகிராமில் வரும். கீழே பச்சைக் கோடு நிமிர்ந்து நிற்கும் ஒரு வரைபடமும் இருக்கும். பிறகு எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும்: "அண்ணா, பைனான்ஸில் வருதாம், இப்ப எடுக்கலாமா?" கேட்கிறவர்கள் நல்ல பிள்ளைகள். மத்திய கிழக்கில் உழைத்து அனுப்பிய பணமோ இறால் பண்ணையில் மிஞ்சிய பணமோ அவர்களிடம் கொஞ்சம் இருக்கும். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: இப்போது வேண்டாம். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் அடுத்த அறிவிப்பிலும் அதே கேள்வி வரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நமக்கு முன்பே வாங்கியவர்கள் யார் என்பதில் தொடங்க வேண்டும். இதற்கு நீதிமன்றம்வரை போய்த் தீர்ந்த வழக்கு ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 11ஆம் திகதி அமெரிக்காவின் கொயின்பேஸ் சந்தை, தான் பட்டியலிடப் பரிசீலிக்கும் கொயின்களின் பெயர்களை வெளியிட்டது. மறுநாள் டுவிட்டரில் ஒருவர் ஓர் எதீரியம் பணப்பையைச் சுட்டிக்காட்டினார். அறிவிப்புக்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பு அந்தப் பணப்பை பல இலட்சம் டொலருக்குக் கொயின்களை வாங்கியிருந்தது. வாங்கியவை எல்லாம் அந்தப் பட்டியலில் வந்த கொயின்கள். எதீரியம் சங்கிலியில் எல்லாக் கொடுக்கல் வாங்கலும் பகிரங்கமாகக் கிடப்பதால்தான் வெளியாள் ஒருவரால் இதைக் காண முடிந்தது.

விசாரணை கொயின்பேஸில் முகாமையாளராக இருந்த இஷான் வாஹி என்ற இந்தியரிடம் போய் நின்றது. எந்தக் கொயின் எப்போது அறிவிக்கப்படும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதைத் தம்பி நிகில் வாஹிக்கும் நண்பர் ஒருவருக்கும் சொல்லி வந்தார். அவர்கள் அறிவிப்புக்கு முன் வாங்கி, விலை பாய்ந்ததும் விற்றார்கள். குறைந்தது 25 கொயின்களில் இது நடந்தது என்றும், கிடைத்த இலாபம் பத்து இலட்சம் டொலரைத் தாண்டியது என்றும் அமெரிக்க அரசுத் தரப்பு சொன்னது. நிறுவனம் விளக்கம் கேட்க அழைத்தபோது இஷான் டெல்லிக்குப் புறப்படப் போய் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். 2023 ஜனவரியில் நிகிலுக்குப் பத்து மாதமும், மே மாதத்தில் இஷானுக்கு இரண்டு ஆண்டும் சிறைத்தண்டனை கிடைத்தது.

இந்த வழக்கில் குற்றத்தைவிட அவர்கள் விற்ற நேரத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். அவர்களுக்குப் பாய்ச்சல் என்பது வெளியேறும் வாசல். ஒருவர் பெருந்தொகையை விற்க வேண்டுமானால் அதே தொகைக்கு வாங்க ஆள் வேண்டும். சாதாரண நாளில் சிறு கொயின் ஒன்றுக்கு அவ்வளவு ஆட்கள் இல்லை. அறிவிப்பு வந்த சில நிமிடங்களில் மட்டும் இருக்கிறார்கள். கள்ளத் தகவல் எதுவும் இல்லாவிட்டாலும் கணக்கு மாறாது. மாதக்கணக்காகக் கொயினை வைத்திருந்தவர், அறிவிப்புப் பக்கத்தை நொடிக்கொரு தரம் பார்க்கும் நிரல், கொயினை உருவாக்கிய குழு, எல்லோருக்கும் விற்க அந்த நிமிடங்கள்தான் வாய்ப்பு. நம்மூர்க் கரைவலையில் மடி கரை தட்டும்போது ஈர மணலில் நிற்கிற வியாபாரி மீனைப் பார்த்து விலை பேசி முடித்துவிடுவார். தொலைபேசியில் கேள்விப்பட்டு சிலாபத்திலிருந்து வருகிறவர் அவரிடம்தான் வாங்க வேண்டும்.

இனிக் கணக்கு. பெரிய சந்தைக்கு வராத கொயின்கள் பெரும்பாலும் யூனிஸ்வாப் போன்ற இடங்களில் பொதுக் குளமாக இருக்கும். குளத்தில் ஒரு பக்கம் கொயின், மறு பக்கம் டொலர் மதிப்புள்ள நாணயம். இரண்டின் பெருக்கல் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே விதி:

x × y = k

ஒரு குளத்தில் 10 இலட்சம் கொயினும் ஒரு இலட்சம் டொலரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலை 10 சதம். அறிவிப்பு வந்த நொடியில் நிரல் ஒன்று 40,000 டொலரைப் போடுகிறது. குளத்தில் இப்போது 1,40,000 டொலர். பெருக்கல் மாறக்கூடாது என்பதால் கொயின் 7,14,286 ஆகக் குறைகிறது. விலை 19.6 சதம், கிட்டத்தட்ட இரட்டிப்பு. டெலிகிராமில் பச்சைக் கோடாக வருவது இதுதான்.

இப்போது நம் தம்பி 1,000 டொலரோடு வருகிறார். அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5,066 கொயின். அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லோருமாக இன்னும் 20,000 டொலர் போடுகிறார்கள். விலை 26 சதத்தைத் தொடுகிறது. திரையில் தம்பி 31 வீத இலாபத்தில் இருக்கிறார், மனம் குளிர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் நிரல் தான் வாங்கிய கொயின் முழுவதையும் திரும்பக் குளத்தில் கொட்டுகிறது. அதற்கு 50,726 டொலர் கிடைக்கிறது. அதாவது சில நிமிடங்களில் பத்தாயிரத்துக்கு மேல் இலாபம். விலை 12.2 சதத்துக்கு இறங்குகிறது. தம்பி பயந்து விற்றால் கையில் வருவது 613 டொலர்.

இதில் நான் ஒவ்வொரு முறையும் நிறுத்திக் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. அறிவிப்புக்கு முன் 10 சதமாக இருந்த கொயின் இப்போதும் 12 சதத்தில் நிற்கிறது. செய்தியில் "பட்டியல் அறிவிப்பால் 20 வீதம் உயர்வு" என்றே எழுதுவார்கள், அது உண்மையும்கூட. தம்பி இழந்தது 39 வீதம். கொயின் நல்லதா, செய்தி மெய்யா என்ற கேள்விகளுக்கும் அவருடைய நட்டத்துக்கும் தொடர்பே இல்லை. வரிசையில் அவர் நின்ற இடம்தான் நட்டம். கட்டணங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எதீரியத்தில் நெரிசல் நேரத்தில் கட்டணம் மட்டுமே சிறு முதலைத் தின்றுவிடும்.

பெரிய சந்தையில் கொயின் திறக்கும்வரை காத்திருந்து வாங்கினால் என்ன என்று கேட்பார்கள். 2025 பெப்ரவரியில் பைனான்ஸ் TST என்ற கொயினைப் பட்டியலிட்டது. கொயின் உருவாக்குவது எப்படி என்று காட்டும் பாடக் காணொளிக்காகச் சோதனையாகச் செய்யப்பட்ட கொயின் அது. பட்டியலான நாளில் அரை டொலர் அளவுக்கு ஏறி, மிக விரைவில் அதில் பாதிக்கும் கீழே விழுந்தது. அதையொட்டி பைனான்ஸின் நிறுவனர் சாங்பெங் ஜாவோவே பட்டியலிடும் முறையில் கோளாறு இருப்பதாக எழுதினார். அறிவித்து நான்கு மணி நேரம் கழித்துச் சந்தை திறக்கிறது, அந்த இடைவெளியில் வெளிக் குளங்களில் விலை ஏறிவிடுகிறது, திறந்ததும் அங்கே வாங்கியவர்கள் பைனான்ஸில் கொண்டுவந்து விற்கிறார்கள் என்றார். தீர்வு என்னவென்று தனக்குத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவ்வளவு பெரிய சந்தையைக் கட்டியவர் வெளிப்படையாகச் சொன்ன இந்த வாக்கியத்தை நான் பலருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இடைவெளியே இல்லாமல் திறந்தால் வேறு விதமாகக் கெடும். 2017 டிசம்பர் 19ஆம் திகதி கொயின்பேஸ் பிட்கொயின் கேஷ் வர்த்தகத்தைத் திடீரென்று திறந்தது. மற்ற சந்தைகளில் 3,500 டொலர் அளவில் இருந்த நாணயம் அங்கே 8,500 டொலரைத் தாண்டியது. விற்பனைக் கட்டளைகள் போதிய அளவில் சேரும் முன்பே வாங்கும் கட்டளைகள் குவிந்ததுதான் காரணம். சில நிமிடங்களில் வர்த்தகத்தை நிறுத்த வேண்டி வந்தது. என்ன விலையானாலும் சரி என்று சந்தை விலைக் கட்டளை போட்டவர்கள்தான் அந்த உச்சியில் வாங்கியவர்கள். ஏழு வாரத்துக்குள், முழுச் சந்தையும் சரிந்தபோது, அந்த நாணயம் 1,000 டொலருக்கும் கீழே போனது.

ஆகவே அறிவிப்பு வந்ததும் நான் விலையைப் பார்ப்பதற்கு முன் முந்தைய இரண்டு நாள் வரைபடத்தைத் திறக்கிறேன். செய்தி எதுவும் இல்லாமல் விலையும் அளவும் சேர்ந்து ஏறியிருந்தால் யாரோ முன்கூட்டி வாங்கியிருக்கிறார்கள், அவர்கள் இன்று விற்பார்கள். அடுத்தது குளத்தின் ஆழம். ஒரு இலட்சம் டொலர் கிடக்கும் குளத்தில் விலை இரட்டித்தால் அதற்கு 41,000 டொலர் அளவில் ஒருவர் போட்டாலே போதும், ஊரே வாங்குகிறது என்று பொருள் இல்லை. மூன்றாவது, பெரிய பணப்பைகள். ஈதர்ஸ்கேனில் அந்தக் கொயினின் பெரிய உரிமையாளர்களைப் பார்த்தால், சந்தையின் வைப்பு முகவரிக்குக் கொயின் நகர்வது தெரியும். வைத்திருக்க விரும்புகிறவர் சந்தைக்கு அனுப்பமாட்டார். சந்தை திறந்த பிறகு முதல் விழுதல் முடிந்து, விலை ஓர் இடத்தில் நின்று, விற்கும் அளவு வற்றுகிறதா என்று பார்க்கிறேன். அது மணித்தியாலங்களும் ஆகலாம், நாட்களும் ஆகலாம், வராமலே போகவும் செய்யும். வாங்கினால் வரம்பு விலைக் கட்டளை மட்டும்தான்.

இலங்கையில் இருக்கிறவருக்கு இன்னொரு தடையும் உண்டு. வங்கி அட்டைகளால் மெய்நிகர் நாணயம் வாங்க மத்திய வங்கி 2021இலிருந்து இடம்கொடுப்பதில்லை. அதனால் ரூபாயைக் கொடுத்து ஆளுக்கு ஆள் USDT வாங்குகிறார்கள். பணத்தை வங்கியில் மாற்றி, விற்பவர் சரிபார்த்து விடுவிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாய்ச்சல் முதல் நொடிகளில் நடக்கிறது. செய்தியைக் கண்ட பிறகு ரூபாயோடு புறப்படுகிறவர் உச்சிக்கே போய்ச் சேருவார். ஏமாற்றப்பட்டால் முறையிட மேற்பார்வை அமைப்பும் அவருக்கு இல்லை.

விதிவிலக்கு உண்டு, அதை மறைக்கக்கூடாது. 2024 நவம்பர் 11 அன்று பைனான்ஸ் ACT என்ற கொயினை அறிவித்தது. இரண்டு சதம் அளவில் இருந்தது ஓரிரு நாளில் அரை டொலரைத் தாண்டியது. முதல் மணித்தியாலத்தில் துரத்திப் பிடித்தவர்களும் அதில் சம்பாதித்தார்கள். பெறுமதி மிகச் சிறியது, யாரும் எதிர்பாராதது, சந்தை முழுவதும் ஏறிக்கொண்டிருந்த வாரம், இந்த மூன்றும் ஒன்றாக வந்தன. அதைச் சொல்லிக் காட்டித்தான் அடுத்த பத்து அறிவிப்புகளிலும் ஆட்களை இழுக்கிறார்கள். அதே கொயின் 2025 ஏப்ரல் முதலாம் திகதி ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறத்தாழ பாதி விலையை இழந்தது.

அறிவிப்பு வரும் முன்பே அந்தக் கொயினை வைத்திருந்த பிள்ளைகளும் எப்போதாவது அழைப்பார்கள். அவர்களிடம் நான் வேறு மாதிரிப் பேசுகிறேன். சந்தை திறக்கும் நேரத்துக்கு முன் கொயினை அங்கே அனுப்பி, மூன்று வெவ்வேறு விலைகளில் விற்பனைக் கட்டளைகளைப் போட்டு வைக்கச் சொல்வேன். முதல் கட்டளை அறிவிப்புக்குப் பிந்தைய விலைக்குச் சற்று மேலே, கடைசியானது யாரும் வாங்கமாட்டார்கள் என்று தோன்றும் உயரத்தில். திறக்கும் நிமிடத்தில் அந்தக் கடைசிக் கட்டளையும் சில வேளை நிறைவேறியிருக்கும்.