ஏன் என்றொரு கட்டம்

பக்கத்து வீட்டுப் பெண் படிவம் ஐந்து. டிரையல் முடிந்த கையோடு ஒரு பிழைப் புத்தகம் போட்டாள். பாடம், கேள்வி எண், நான் எழுதியது, சரியான விடை என்று நான்கு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு நிறம். தமிழ்ப் பக்கத்தைப் புரட்டினால் வரிக்கு வரி 'ஒற்றுப்பிழை', 'ஒற்றுப்பிழை'. கடைசியில் சிவப்பில் அடிக்கோடிட்டு, 'இனி கவனமாக எழுத வேண்டும்'. பார்க்க அழகான புத்தகம். அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது என்பதுதான் குறை.

எனக்கு உடனே அப்பாவின் நோட்டு நினைவுக்கு வந்தது. அவர் இந்தப் பக்கத் தோட்டமொன்றில் கிராணி. விடியும் முன்னே பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் செக்ரோலில் வந்தவருக்கு ஒரு கோடு, வராதவருக்குச் சுழி. சம்பளக் கணக்குக்கு அது போதும், துரை கேட்டதும் அவ்வளவுதான். ஆனால் அப்பா சட்டைப்பையில் இன்னொரு சின்ன நோட்டு வைத்திருப்பார். செக்ரோலில் சுழி விழுந்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி இருக்கும். காய்ச்சல், பிள்ளைக்குக் காய்ச்சல், முதல்நாள் சண்டை, சொல்லாமல் சபாக்குக்குப் போனது, காரணம் தெரியவில்லை. கடைசியில் சொன்னதையும் கூச்சப்படாமல் எழுதுவார். தெரிந்த பிறகு அடித்துவிட்டு மாற்றுவார். "இது யாருக்கு?" என்று அம்மா கேட்டால், "எனக்குத்தான்" என்பார். ஒருமுறை ஒரே வாரத்தில் நான்கு பேருக்குச் சுழி. மண்டோர் நான்கு சோம்பேறிகளைப் பார்த்தார். அப்பாவின் நோட்டில் நான்கும் காய்ச்சல், நான்கும் ஒரே லயம். போய்ப் பார்த்தால் லயத்துக்குப் பின்னால் கான் அடைத்துக் கிடந்தது. கடலோரச் சேற்றுமண்; கான் ஓடாவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? கானை வெட்டிவிட்டார்கள். மண்டோர் மட்டும் தம் கருத்தைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

பெண்ணின் புத்தகத்தில் இல்லாதது அந்தக் கட்டம்தான்: ஏன் அப்படி எழுதினேன்? அதைத் தன் வாயால் சொல்வதுபோல எழுதச் சொன்னேன். முதலில் எல்லாவற்றுக்கும் 'கவனக்குறைவு' என்று போட்டுக்கொண்டு வந்தாள். பிழைப் புத்தகத்தைக் கெடுப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கவனக்குறைவா இல்லையா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சிவப்பு மையை மறைத்துவிட்டு அந்த வாக்கியங்களை மறுபடி எழுதிக் கொடுத்து, பிழையிருந்தால் திருத்து என்றேன். தானாகத் திருத்தினால் அது கை நழுவியது. அப்படியே சரி என்று திருப்பிக் கொடுத்தால் அவளுக்கு அது தெரியாது, அல்லது வேறுவிதமாகத் தெரியும்.

கட்டுரையில் மொத்தம் 19 ஒற்றுப்பிழைகள். ஐந்தைத் தானே திருத்திவிட்டாள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், நேரமில்லாமல் 'ஐ'க்கும் 'கு'வுக்கும் பின்னால் விட்டுப்போனவை. மீதி 14ஐயும் சரி என்றாள். வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கே சுவாரசியமாகிவிட்டது. 'வந்துப் பேசினார்', 'நின்றுப் பார்த்தார்', 'செய்துக் கொடுத்தார்', 'அழுதுக் கொண்டே'. ஒன்றில்கூட ஒற்று விடுபடவில்லை. எல்லாமே வேண்டாத இடத்தில் போட்டவை, எல்லாமே வினையெச்சத்துக்குப் பின்னால்.

ஏன் என்று கேட்டேன். "ஓடிப் போனான்னு வருது, படித்துப் பார்த்தான்னு வருது. அப்ப வந்துவுக்கும் வரணும்தானே சார்?"

இதைப் போய்க் கவனக்குறைவு என்று எழுதியிருந்தாள்! கவனமாக யோசித்து, தானே ஒரு விதி செய்து, அதைப் பதினான்கு இடத்திலும் பிசகாமல் நடத்தியிருக்கிறாள். பவணந்தி முனிவரும் நன்னூலில் உயிருக்குப் பின் வல்லினம் பொதுவாக மிகும் என்று வைத்துவிட்டுத்தான் விலக்குகளுக்குப் போகிறார். இவள் பொதுவோடு நின்றுவிட்டாள். ஆகவே திருத்த வேண்டியது பதினான்கு அல்ல, ஒன்று. துவ்விலும் டுவிலும் றுவிலும் முடியும் வினையெச்சத்தில், அந்தக் கடைசி எழுத்துக்கு முன்னால் நிற்பது வல்லின மெய்யா என்று பார்க்க வேண்டும். படித்து, கேட்டு, பெற்று என்று த், ட், ற் நின்றால் மிகும்: கேட்டுக் கொண்டார், பெற்றுத் தந்தார். வந்து, நின்று, கொண்டு போல மெல்லினமோ, செய்து போல இடையினமோ, அழுது போல உயிர்மெய்யோ நின்றால் மிகாது.

அதற்கு மட்டும் ஒரு தாள் தயாரித்தோம். ஒரே பக்கம், 12 வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒற்று வரக்கூடிய இடத்தில் ஒரு சிறிய இடைவெளி. விதியும் விடையும் பின்பக்கம். முதலில் அவள் எழுதிவந்த தாளில் பன்னிரண்டும் மிகாத இடங்கள். தான் தவறியவை அவைதானே என்று நினைத்திருக்கிறாள். அப்படிச் செய்தால் இரண்டாவது வாக்கியத்துக்கு மேல் யாரும் யோசிக்க மாட்டார்கள். அதைவிட மோசம், அடுத்த கட்டுரையில் 'படித்து பார்த்தார்' என்று நன்றாக இருந்ததையும் விட்டுவிடுவாள். அதனால் மிகுவதும் மிகாததும் கலந்து, 'ஓடி', 'வர' என்று அவளுக்குச் சரியாக வருவதையும் நடுவே இரண்டு நுழைத்து, வரிசை தெரியாதபடி கலைத்தோம்.

இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. இரண்டாம் முறை பன்னிரண்டும் சரி. எனக்குச் சந்தேகம், பேனா வேகம் அதிகமாக இருந்தது. அதே விதிக்கு வேறு வாக்கியங்கள் கொடுத்தபோது மூன்று தவறின. விதி மனத்தில் ஏறவில்லை, தாள்தான் ஏறியிருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் புது வாக்கியம். இரண்டு தனித்தனி நாளில், புது வாக்கியங்களில் தவறாமல் வந்தால்தான் அந்த வகையை அடிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொரு சின்ன ஏற்பாடு. தேர்வு எழுதும்போதே நிச்சயமில்லாத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி வைத்துச் சரியாகப் போனதும் புத்தகத்தில் ஏற வேண்டும். அது அதிர்ஷ்டம், அறிவல்ல. புள்ளி இல்லாமல் தவறியது முதலிடத்தில் ஏற வேண்டும். பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே ஆறுதல். பொது அறிவுக் கேள்விகளுக்கு விடையும், அதில் எவ்வளவு உறுதி என்பதையும் கேட்டு, பிறகு சரியான விடையைச் சொல்லி மறுபடி சோதித்தார்கள். மிக உறுதியாகச் சொன்ன தவறுகள்தான் அதிகமாகத் திருந்தின. அடி விழுந்தால் மறக்காது போலும். மண்டோரை அவர்கள் சோதிக்கவில்லை.

இதெல்லாம் கட்டுரையின் கருத்துக்கு உதவாது. தட்டையான கட்டுரை ஒற்றுப்பிழையில்லாத தட்டையான கட்டுரையாகும், அவ்வளவுதான். யூபிஎஸ்ஆர் 2021இலும் பிடி3 2022இலும் எடுக்கப்பட்ட பிறகு, எஸ்பிஎம்முக்கு முந்தைய டிரையல்தான் பிள்ளைகள் சந்திக்கும் முதல் பெரிய ஒத்திகை. அதற்குப் பிறகு கையில் இருப்பது சில வாரங்கள். அதில் பாதியை நிறப் பேனாவுக்குக் கொடுத்தால் மீதி என்ன இருக்கும்?

இப்போது அவள் புத்தகத்தில் ஒரே பேனா, கோணல் கையெழுத்து. தமிழ்ப் பக்கத்தில் 'வந்து' வகை அடிக்கப்பட்டுவிட்டது. கணிதப் பக்கத்துக்குப் போய்விட்டாள், அங்கே எனக்கு வேலையில்லை. போன வாரம் கோயில் திருவிழா நோட்டீசைக் கொண்டுவந்து காட்டினாள்: 'வருகை தந்துச் சிறப்பிக்குமாறு'. தலைவரிடம் சொன்னோம். இருநூறு தாள் அடித்தாகிவிட்டதாம். அடுத்த வருடம் அச்சுக்குப் போகும் முன் அவளிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.