நாலாயிரம் ரூபாய் வாழ்த்து

நியூ இயர் அன்னைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்க செல்லுல எத்தனை வாழ்த்து வந்து விழுந்துச்சு? எல்லாம் ஃபார்வர்டுதானே! அதுல ஒண்ணாவது உங்க வீட்டுக் கடனைப் பத்திப் பேசியிருக்கா? எங்க வீட்டுக்கு வந்த ஒரு வாழ்த்து பேசுச்சு. எழுதினது எங்கண்ணன். எழுதின தேதி 2005 டிசம்பர் 12. இடம் துபாய், சோனாப்பூர் லேபர் கேம்ப்.

எங்க ஊர் விருதுநகர்ல இருந்து சிவகாசி போற ரோட்டுல, ஆமத்தூர் பக்கம். அண்ணன் பத்தாவதோட படிப்பை விட்டுட்டு ஆறு வருஷம் பட்டாசு ஆபீஸ்ல வேலை பார்த்தவன். (எங்க பக்கம் ஃபேக்டரின்னு சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான்!) ஏஜென்ட்டுக்குக் கட்ட எழுபதாயிரம் கடன் வாங்கி, 2005 தொடக்கத்துல கட்டட வேலைக்குப் போனான். போறப்போ சிவகாசி பிரஸ்ல வேலை பார்க்கிற ஃபிரெண்டுகிட்ட ரெண்டே ரெண்டு வாழ்த்து அட்டை வாங்கிப் பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டான். கான்ட்ராக்ட் ரெண்டு வருஷம். அதனால ரெண்டு அட்டை போதும்னு கணக்கு!

முதல் அட்டை வந்த கதையைக் கேளுங்க. துபாய்ல இருந்து தபால் வர பத்து, பதினஞ்சு நாளாகும். அதனால லீவுல ஊருக்கு வர்ற யார் கையிலயாவது கவரைக் கொடுத்து விடுவாங்க. அவரு சென்னையில இறங்கி, அஞ்சு ரூபா ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில போட்டா மூணாம் நாள் வீட்டுல. உள்ளே அட்டை, நாலு பக்கக் கடிதம், பத்தாயிரம் ரூபாய்க்கு பேங்க் டிராஃப்ட். டிராஃப்ட் நம்பரை மட்டும் முன்னாடியே எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபோன் பண்ணிச் சொல்லி, என் நோட்டுல எழுத வச்சிருந்தான். அம்மா பேருக்கு எடுத்து, குறுக்கே கோடு போட்ட டிராஃப்ட். வழியில தொலைஞ்சாலும் வேற யாரும் மாத்த முடியாது. ஆனா நம்பர் தெரியலைன்னா புதுசு வாங்குறதுக்குள்ள மாசக்கணக்கா அலையணும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலேஜ் முதல் வருஷம் படிச்ச நான்தான் வாசிச்சேன். 'அன்புள்ள அம்மாவுக்கு, நலம், நலமறிய ஆவல். எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.' வாழ்த்து அவ்வளவுதான். மூணாவது வரியிலேயே கணக்கு வந்துருச்சு.

சம்பளம் 650 திர்ஹாம். சாப்பாட்டுக்கும் மத்த செலவுக்கும் 250 போக 400 மிஞ்சும். அப்போ ஒரு திர்ஹாம் சுமாரா பன்னிரண்டு ரூபாய். ரெண்டு மாசத்து மிச்சத்தோட கொஞ்சம் ஓவர்டைம் காசும் சேர்த்துத்தான் அந்தப் பத்தாயிரம். எழுபதாயிரத்துக்கு ரெண்டு வட்டி, அதாவது மாசம் 1,400. ரெண்டு மாசத்துக்கு 2,800. அசல்ல 2,000. எனக்கு ஃபீஸ் 1,200. மீதி நாலாயிரத்தை அம்மா வேலை பார்த்த ஆபீஸ்ல திருப்பிக் கட்டிரணும்னு எழுதியிருந்தான்.

அங்கேதான் வீட்டுல சண்டை. அந்த நாலாயிரம், தீபாவளி முடிஞ்சு ஆபீஸ் திறந்தப்போ அம்மா வாங்கின முன்பணம். அதுக்கு வட்டியே கிடையாது. "வட்டி ஓடுற கடன் மலை மாதிரி நிக்குது. வட்டி இல்லாத காசை முதல்ல கட்டச் சொல்றானே, இவனுக்குக் கிறுக்கா?"ன்னு அம்மா கத்துது. காமர்ஸ் படிக்கிற எனக்கும் அம்மா சொல்றதுதான் சரின்னு பட்டுச்சு. அடுத்த பாராவுலயே பதில் வச்சிருந்தான்.

'அந்தக் காசுக்கு வட்டி இல்லதாம்மா. ஆனா அதுதான் உன்னை மருந்து ரூம்ல உக்கார வைக்குது. கடன் இருக்குற வரைக்கும் இந்த ரூமுக்குப் போக மாட்டேன்னு நீ சொல்ல முடியாது.'

புரியாதவங்களுக்குக் கொஞ்சம் விளக்குறேன். எங்க பக்கம் வருஷம் ஜனவரியில பிறக்காது. தீபாவளிக்கு மறு வாரம் பிறந்து அடுத்த தீபாவளியில முடியும். முன்பணம் வாங்கினா அந்த வருஷம் பூரா அந்த ஆபீஸுக்குத்தான் போகணும். குழாய் உருட்டுறது, திரி வெட்டுறது, பெட்டி அடைக்கிறதுன்னு வேலை பல ரகம். ஃபேன்சி ரகத்துக்கு மருந்து செலுத்துற ரூம்லதான் கூலி கூட, ஆபத்தும் கூட. அம்மா இருந்தது அங்கே.

அண்ணனுக்கு அந்த ரூம் தெரியும். அதனால ஒரு பக்கம் முழுக்க எச்சரிக்கையா எழுதியிருந்தான். 'நைலான் சேலை கட்டாதே, பருத்திதான். நாலு பேருக்கு மேல இருந்தா உள்ளே போகாதே. நேத்து மிஞ்சின மருந்தை இன்னைக்குத் தொடாதே.'

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஃபேன்சி மருந்துல அலுமினியப் பவுடர் இருக்கும், அதோட வெடியுப்பு மாதிரி சரக்கும் சேரும். அதுல ஈரம் பட்டு ராத்திரி பூரா கிடந்தா உள்ளுக்குள்ளயே மெல்லச் சூடேறும். நெருப்பும் வேண்டாம், உரசலும் வேண்டாம், தானாவே பத்திக்கலாம். சிவகாசிப் பக்கம் விபத்துச் செய்திகள்ல 'மருந்து நீர்த்துப் போனதால்'னு வாசிச்சிருப்பீங்களே, அது இதுதான். தெரிஞ்சுக்கிறது எப்படி? அண்ணன் எழுதினதை அப்படியே தர்றேன். 'தட்டு வெதுவெதுன்னு இருந்தாலோ, மூத்திர நாத்தம் மாதிரி மூக்குல காரமா ஏறினாலோ, அதை எடுத்துக் கொட்டிரலாம்னு நினைக்காதே. கையில உள்ளதைப் போட்டுட்டு வெளியே வந்துரு.' நாத்தத்துக்குக் காரணம் அம்மோனியான்னு அப்புறம் ஒரு கெமிஸ்ட்ரி ஃபிரெண்டு சொன்னா. அண்ணனுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது, மூக்குதான் தெரியும்!

அடுத்த வரி எனக்கு. 'எங்கயாச்சும் புகை எந்திரிச்சா பார்க்கப் போகாதே பாப்பா. முதல் வெடியோட நிக்காது.' அப்போ சிரிச்சேன். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில பட்டாசு ஆலை வெடிச்சு முப்பதுக்கும் மேற்பட்டவங்க செத்தாங்களே, அதுல நிறையப் பேர் அங்கே வேலை பார்த்தவங்களே இல்ல. புகையைப் பார்த்துட்டுக் காப்பாத்தவும் பார்க்கவும் ஓடிப் போனவங்க. அன்னைக்கு அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து அந்த வரியை மறுபடி வாசிச்சேன்.

தன்னைப் பத்தி அண்ணன் எழுதினது ஒண்ணரை வரி. 'எனக்கு ஒரு குறையும் இல்ல. இங்க இப்ப குளிர்.' அவ்வளவுதான். அதுக்கு முந்தின கோடையில எத்தனையாவது மாடியில, எந்த வெயில்ல நின்னான்னு அவன் எழுதலை. கவரைக் கொண்டு வந்து போஸ்ட் பண்ணினவரு பிறகு வீட்டுக்கு வந்து சொன்னப்போதான் தெரியும். ஒரே ரூம்ல பன்னிரண்டு பேராம், பாஸ்போர்ட் கம்பெனிக்காரன்கிட்டயாம். வெளிநாட்டுக் கடிதத்தை வாசிக்கிறப்போ எழுதாததையும் சேர்த்து வாசிக்கணும். அதுக்குக் கூட ஒரு ஆள் வந்து சொல்ல வேண்டியிருக்கு, என்ன செய்ய?

அம்மா மூணு நாள் பேசலை. நாலாம் நாள் டிராஃப்டை பேங்க்ல போடச் சொல்லுச்சு. பணம் கைக்கு வந்ததும் ஆபீஸ்ல நாலாயிரத்தைக் கட்டிட்டு, வீட்டுலயே பேப்பர் குழாய் உருட்டுற வேலைக்கு மாறுச்சு. கூலி பாதிதான் தேறும், குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ்னா 144 குழாய். அந்த வருஷம் பூரா வீட்டுல காசு இழுபறி. வட்டிக் கடன் முடியறது தள்ளிப்போச்சு. அண்ணன் கான்ட்ராக்டை இன்னும் ஒரு வருஷம் நீட்டினான். பெட்டியில மூணாவது அட்டை இல்ல. மூணாவது வாழ்த்து கோடு போட்ட நோட்டுப் பேப்பர்ல வந்துச்சு.

முதல் கடிதத்துக்கு நான் எழுதின பதில் கம்பெனி போஸ்ட் பாக்ஸுக்குப் போய், அங்கே கிடந்து, கேம்ப்புக்குக் கட்டா வந்து சேர ஒரு மாசம் ஆச்சு. அம்மா சொல்லச் சொல்ல எழுதினது ரெண்டே வரி. "முன்பணம் கட்டியாச்சு. ரசீது தரலை, நோட்டுல என் பேரை அடிச்சிட்டாங்க."

அதுக்கும் அண்ணன்கிட்ட இருந்து பதில் வந்துச்சு. 'யார் முன்னாடி அடிச்சாங்க? நீ பார்த்தியா?'