சனிக்கிழமை ஐந்து மணிப் புகார்

முதல் பதில் பத்து நொடியில் போய்விடுகிறது என்று இப்போதைய உதவி மையங்களில் பெருமையாகச் சொல்கிறார்கள். உங்கள் புகார் பதிவாகிவிட்டது, எண் இன்னது என்று கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறதே, அதைத்தான் பதில் என்று கணக்கெழுதுகிறார்கள். செஞ்சி வட்டாரத்தில் தரைவழித் தொலைபேசிப் பழுதுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எண் கொடுப்பது பதிவு. ஒருவர் அந்த லைனைச் சோதித்து, கோளாறு எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்வதுதான் பதில். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் கெடு எங்கே தவறியது என்பது ஒருநாளும் தெரியாது.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் டெஸ்ட் டெஸ்க்கில் இருந்த ஒரு மூத்தவர். ஒவ்வொரு பழுதுச் சீட்டிலும் நான்கு நேரம் எழுதச் சொல்வார். புகார் பதிவான நேரம், சோதித்த நேரம், சீட்டு லைன்மேன் கைக்குப் போன நேரம், லைன் சரியாகிச் சந்தாதாரரோடு பேசிப் பார்த்த நேரம். மூன்றாவதை விட்டுவிட்டால் சீட்டைத் திருப்பிவிடுவார். "பதிவும் முடிவும் இருக்கே ஐயா, கழிச்சா மொத்த நேரம் வந்துடுதே" என்று ஒருமுறை கேட்டேன். "மொத்தம் மேல இருக்கிறவங்களுக்குப்பா. எந்தக் கையில நின்னுச்சுன்னு நமக்குத் தெரியணும்" என்றார்.

அவர் எடுத்துவைத்துக் காட்டிய சீட்டு ஒன்று. மேல்மலையனூர் பக்கத்துப் புகார். சனிக்கிழமை மாலை ஐந்துக்குப் பதிவு. செவ்வாய் காலை பத்துக்குச் சரியானது. அடுத்த வேலை நாளுக்குள் முடிய வேண்டும் என்பது கெடு, அதாவது திங்கள். கெடு தவறிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் பழி லைன்மேன் தலையில்தான் விழும். நான்கு நேரத்தையும் வரிசையாகப் படித்தால் கதை வேறு. சனிக்கிழமை யாரும் சோதிக்கவில்லை. சோதித்தது திங்கள் காலை பத்தரை. லைன்மேனோ ஒன்பதுக்கே தன் சீட்டுகளோடு கிளம்பிவிட்டார். அவர் கைக்கு இது வந்தது செவ்வாய் ஒன்பது மணிக்கு. போன வழியும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். டிபியில் துரு, அவ்வளவுதான். ஐந்து நிமிடச் சோதனையைச் சனிக்கிழமையே செய்து, திங்கள் காலை அவர் புறப்படும் முன் சீட்டைக் கொடுத்திருந்தால் கெடு தவறியிருக்காது.

அதன்பிறகு நாங்கள் தவறிய சீட்டுகளை மட்டும் தனியே எடுத்து, எந்த இரண்டு நேரங்களுக்கு நடுவில் அதிகம் நின்றது, என்ன கிழமை, எந்த டிபி என்று பிரித்து அடுக்க ஆரம்பித்தோம். மாலையில் வரும் புகாரைச் சோதிக்காமல் அலுவலகத்தைப் பூட்டக் கூடாது என்று வழக்கமும் வந்தது.

சராசரியை நம்பக் கூடாது என்பதையும் அந்த அடுக்குதான் காட்டியது. பத்துப் புகாரில் ஒன்பது நான்கு மணி நேரத்தில் முடிந்து, ஒன்று எழுபத்துநான்கு மணி நேரம் கிடந்தால் சராசரி பதினொரு மணி. ஒரு நாள்கூட ஆகவில்லையே என்று தோன்றும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் வகுத்த சேவைத்தர விதியும் நூற்றுக்குத் தொண்ணூறு பழுதுகள் அடுத்த வேலை நாளுக்குள் சரியாக வேண்டும் என்று சொன்னது. தொண்ணூறு வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம். ஆனால் மீதிப் பத்து மாதாமாதம் ஒரே கோடியில் இருக்கும் அதே கிராமமாக இருந்தால்? அந்தக் கிராமத்துக்கு நம் சேவை நூற்றுக்குப் பூஜ்யம். சதவீதத்தை ஊர் வாரியாகப் பிரிக்கும்வரை இது கண்ணில் படவே படாது.

இப்போது என் உறவுக்காரப் பிள்ளைகள் கணினி உதவி மையங்களில் இருக்கிறார்கள். திரை முழுக்கப் பச்சையாக இருக்கிறது என்று காட்டினார்கள். முடித்த நேரங்களை வரிசைப்படுத்தச் சொன்னேன். கெடு முடிவதற்கு முந்தைய அரை மணியில் புகார்கள் கொத்துக் கொத்தாக மூடப்பட்டிருந்தன. வேலை அப்படிக் கொத்தாக முடியாது, கெடுவைப் பார்த்து மூடினால்தான் முடியும். அதே பயனரின் அதே கோளாறு ஒரு வாரத்துக்குள் புது எண்ணில் மறுபடி வந்திருந்தது. புது எண் என்றால் கடிகாரமும் புதிது. "வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு" என்று கடிகாரத்தை நிறுத்திவைத்த புகார்கள் இன்னொரு பக்கம். எங்கள் காலத்திலும் "கதவு பூட்டியிருந்தது" என்று எழுதுவதுண்டு. ஆனால் போன நேரத்தையும், பக்கத்து வீட்டில் யாரிடம் சொல்லிவிட்டு வந்தோம் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த மூத்தவர் ஏற்கமாட்டார்.

புகார் ஒரு குழுவிடமிருந்து இன்னொரு குழுவின் கைக்குப் போன நேரம் எங்கே என்று கேட்டேன். மென்பொருள் அதைத் தானாகவே குறித்துவைக்கிறதாம். மாத அறிக்கையில் மட்டும் அந்தப் பத்தியை எடுத்துவிட்டார்களாம், அறிக்கை ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பதற்காக.