பொருள், பார்வை, இணைப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. சம்பளம் வாங்குகிறவர்களும் பென்ஷன் வாங்குகிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் இப்போது ஆசிரியராக இருக்கிறார். போன மாதம் போனில், “ஐயா, எனக்கு வரவேண்டிய ரீஃபண்ட் 9,700 ரூபாயைப் பழைய பாக்கியில் கழிக்கப் போறாங்களாம். நான் பாக்கியே வைக்கலையே” என்றார். விசாரித்தபோது விஷயம் இதுதான். 2021-22ஆம் நிதியாண்டில் அவர் சம்பளத்தில் 38,400 ரூபாய் வரி பிடித்திருக்கிறார்கள். வரித்துறையின் 26ஏஎஸ் படிவத்திலோ 24,000 மட்டும் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த 14,400 ரூபாய் கணக்கில் ஏறவில்லை. சம்பளம் போட்ட அலுவலகம் அந்தக் காலாண்டுக் கணக்கைச் சரியாகத் தாக்கல் செய்யவில்லை. பெங்களூரு மையத்துக் கணினி 26ஏஎஸ்ஸில் இருப்பதைத்தான் நம்பும். அதனால் 2022 டிசம்பரில், வட்டியோடு 16,420 ரூபாய் கட்டு என்று 143(1) பிரிவில் அறிவிப்பு அனுப்பியிருக்கிறது.

அதிகாரிக்கு அனுப்ப அவர் எழுதி வைத்திருந்த மின்னஞ்சலைக் காட்டினார். தலைப்பில் ‘Request Sir’ என்று மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றரைப் பக்கம்: எத்தனை வருட சர்வீஸ், அம்மாவின் வைத்தியச் செலவு, கருணை கூர்ந்து உதவ வேண்டும் என்ற வேண்டுகோள். பான் எண் எங்குமே இல்லை.

“தம்பி, இதில் கருணை கேட்க ஒன்றுமில்லை. கணக்கைக் காட்டினால் போதும்” என்றேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு, சம்பளத்தில் பிடித்துவிட்ட வரியை அந்த ஊழியரிடமே மறுபடி கேட்கக் கூடாது என்கிறது. பிடித்தவர் கணக்குக் காட்டாததால் வந்த பாக்கியைக் கட்டாயப்படுத்தி வசூலிக்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூன் 1 அன்று அதிகாரிகளுக்குக் கடிதம் அனுப்பியது. 2016 மார்ச் 11 அன்று அதையே மீண்டும் வலியுறுத்தியது. இந்த இரண்டு வரியும் எழுதினால் போதும், அம்மாவின் வைத்தியம் அங்கே தேவையில்லை.

அரசுக் கடிதம் எழுதத் தெரிந்தவர்களுக்கு மின்னஞ்சல் புதிதல்ல. நாம் எழுதிய பொருள், பார்வை, இணைப்பு மூன்றும்தான் இங்கேயும்.

முதலில் பொருள். அதிகாரியின் பெட்டியில் நூற்றுக்கணக்கான கடிதம் கிடக்கும். தலைப்பைப் பார்த்ததுமே எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். செல்போனில் தலைப்பின் முன்பகுதிதான் தெரியும் என்பதால் பான் எண்ணும் ஆண்டும் முதலில் வர வேண்டும். நாங்கள் எழுதியது இப்படி (பான் எண் மட்டும் மாதிரி):

```
PAN ABCDE1234F - AY 2022-23 - Demand u/s 143(1) - TDS Rs 14,400 not credited - Rectification u/s 154
```

ஆண்டில் பலர் குழம்புகிறார்கள். சம்பளம் வாங்கியது 2021-22 நிதியாண்டு. அதன் மதிப்பீட்டு ஆண்டு 2022-23. பாக்கி பதிவாகியிருப்பது மதிப்பீட்டு ஆண்டில்தான். மாற்றி எழுதினால் அதிகாரி வேறு வருடத்தைத் திறந்து பார்த்து, “பாக்கி ஒன்றும் இல்லையே” என்று மூடிவிடுவார்.

அடுத்தது பார்வை. மின்னஞ்சலின் முதல் நாலு வரியில் அறிவிப்பின் பிரிவு, தேதி, அதிலுள்ள ஆவண அடையாள எண், பாக்கியின் எண் ஆகியவற்றை வரிக்கு ஒன்றாக எழுதினோம். 2019 அக்டோபர் 1 முதல் வரித்துறையின் கடிதங்களில் ‘DIN’ என்ற இந்த அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. எண்ணைக் கையால் தட்டாமல் அறிவிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். மின்னஞ்சலுக்கு முன்பே incometax.gov.in தளத்தில் ‘Response to Outstanding Demand’ பகுதிக்குப் போய், பாக்கியை ஏற்கவில்லை என்று பதிவு செய்ய வேண்டும். எத்தனை நாளுக்குள் என்பது அந்த அறிவிப்பிலேயே இருக்கும். பதிவு செய்ததும் கிடைத்த எண்ணை ஐந்தாவது வரியாகச் சேர்த்தோம்.

அதன் பிறகு விஷயம், மூன்று சின்னப் பத்திகளில். பிடித்தது 38,400, கணக்கில் ஏறியது 24,000, ஏறாதது 14,400 என்பது முதல் பத்தி. 205ஆம் பிரிவும் வாரியத்தின் கடிதங்களும் இரண்டாவது. கோரிக்கை மூன்றாவது. கோரிக்கையை இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னேன். ஒன்று, ரீஃபண்டைக் கழிக்காமல் நிறுத்தி வையுங்கள். இரண்டு, 14,400க்கு வரவு கொடுத்து 154ஆம் பிரிவில் திருத்த உத்தரவு போடுங்கள். வாரியத்தின் கடிதம் வசூலைத்தான் தடுக்கிறது, வரவு தானாக வந்துவிடாது. பாக்கி ஏட்டிலேயே நின்றால் அடுத்த ரீஃபண்டுக்கும் இதே தொல்லை வரும்.

தொனி மரியாதையாக இருக்கட்டும், கெஞ்சலும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். ‘உங்கள் துறையின் அலட்சியம்’ என்று தம்பி ஒரு வரி வைத்திருந்தார். கணக்குக் காட்டாதது சம்பளம் போட்ட இடம், இந்த அதிகாரி இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டோம்.

கடைசியாக இணைப்பு. கணக்கில் ஏறாத காலாண்டு படிவம் 16இன் முதல் பகுதியிலும் இருக்காது, ஏனென்றால் அதுவும் அதே கணக்கிலிருந்து அச்சாவதுதான். அதனால் அந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டும், கைக்கு வந்த மீதித் தொகை அதே அளவில் ஏறியிருக்கும் வங்கிப் பக்கமும்தான் உண்மையான சான்று. கூட 143(1) அறிவிப்பும் 26ஏஎஸ்ஸும். ஒவ்வொரு கோப்புக்கும் வரிசை எண்ணோடு பெயர் வைத்து, அதே பட்டியலை மின்னஞ்சலின் அடியிலும் எழுதினோம்.

ஒரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. அறிவிப்பும் 26ஏஎஸ்ஸும் கடவுச்சொல் போட்ட கோப்புகளாக வருகின்றன. அப்படியே இணைத்தால் அங்கே திறக்காது. நீங்கள் திறந்து, ‘Print’ போய், ‘Save as PDF’ கொடுத்தால் பூட்டில்லாத கோப்பு கிடைக்கும். ஆதார் நகல், ஓடிபி, வலைத்தளக் கடவுச்சொல் எதையும் அனுப்ப வேண்டாம்.

யாருக்கு அனுப்புவது? தளத்தில் ‘Know Your AO’ என்ற இடத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் உங்கள் அதிகாரியின் முகவரி வரும். அது incometax.gov.in என்றுதான் முடியும். நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு உரிய அதிகாரியாகத்தான் இருப்பார் என்று நினைக்காதீர்கள், முன்பு வேலை பார்த்த ஊரிலேயே பான் இருக்கலாம். ஒரே நகலை ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பச் சொன்னேன்.

மூன்று வாரத்தில் ஒரு வரிப் பதில் வந்தது: வரி பிடித்ததற்குச் சம்பளம் போட்ட அலுவலகத்தின் சான்று வேண்டும். புது மின்னஞ்சல் தொடங்காமல், வந்ததற்கே பதிலாகச் சான்றை இணைத்து அனுப்பினார். அப்படிச் செய்தால் பழைய எண்கள் எல்லாம் கூடவே போகும். போன வாரம் திருத்த உத்தரவு வந்தது. அந்த 14,400க்கு வரவு கிடைத்ததும் அதன் மேல் போட்ட வட்டியும் போய்விட்டது.

ஒன்றை மறக்க வேண்டாம். மின்னஞ்சல் மேல்முறையீடு ஆகாது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் கெடு. திருத்தம் கேட்க, உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டு. 2022 டிசம்பர் அறிவிப்புக்கு 2027 மார்ச் 31 கடைசி. ‘e-Proceedings’ வழியாக வந்த கேள்விக்கு அங்கேயேதான் பதில் போட வேண்டும், மின்னஞ்சல் செல்லாது.

உங்களில் யாருக்காவது இப்படி அறிவிப்பு வந்திருந்தால், எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பான் எண்ணை மட்டும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.