தூங்கிக் கிடந்த சேமிப்புப் புத்தகமும் 203 வரவுகளும்

கல்லடியைச் சேர்ந்த ஓர் அம்மாவின் சேமிப்புக் கணக்கு 2005இல் திறக்கப்பட்டது. சுனாமி நிவாரணமாக அரசாங்கம் கொடுத்த மாதாந்த 5,000 ரூபாயைப் பெறுவதற்காக எழுவான்கரை முழுக்க அப்படிப் பல கணக்குகள் திறந்தார்கள். நிவாரணம் நின்றதும் புத்தகம் பெட்டிக்குள் போய்விட்டது. பல வருடம் ஒரு சதம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பிறகு திடீரென்று அதே கணக்கில் 500, 1,500, 10,000 என்று சில்லறை சில்லறையாகப் பணம் விழத் தொடங்கியது. 2023 ஏப்ரலிலிருந்து 2024 மார்ச் வரையான ஒரே மதிப்பீட்டாண்டில் 203 வரவுகள். கூட்டினால் 14 இலட்சத்து 26,000 ரூபாய்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களம் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவின் கீழ் அவருக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. இந்த வரவுகளின் மூலம் என்ன, ஆவணங்களோடு விளக்கம் தருக என்பதுதான் சாரம். தகவல் கேட்கும் அறிவித்தல் அது, வரி மதிப்பீடு அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் பயந்துபோய், கடிதத்தைச் சாமித்தட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு இருந்துவிடுகிறார்கள். பதில் போகாவிட்டால், கையிலுள்ள தகவலை வைத்துத் திணைக்களமே ஒரு தொகையை மதிப்பிட்டுவிடலாம். மதிப்பீடு வந்த பிறகு நிர்வாக மீளாய்வு கேட்க 30 நாள்தான். அதிலும் தோற்றால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு. கேள்வியாக இருக்கும்போதே பதில் சொல்லிவிட்டால் இந்தப் படிகளில் ஏற வேண்டியதில்லை. அவர் கடிதத்தோடு என்னிடம் வந்தபோது, வங்கிக் கூற்று முழுதாகக் கிடைக்கக் காலம் பிடிக்கும் என்பதால், முதல் வேலையாகக் கால நீடிப்புக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் திணைக்கள முத்திரை வாங்கிக்கொண்டேன்.

“தம்பி, எவ்வளவு கட்டச் சொல்றாங்களோ கட்டிப்போட்டு விடுவம். மறுகா கோடு கச்சேரி எண்டு அலைய ஏலாது” என்றார் அவர்.

கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரியும். அந்த ஆண்டுக்கான தனிநபர் நிவாரணம் 12 இலட்சம். அதைக் கழித்தால் மிச்சம் 2 இலட்சத்து 26,000. முதல் ஐந்து இலட்சத்துக்கு வரி 6 வீதம். ஆக 13,560 ரூபாய். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டுவது, 14 இலட்சமும் என் வருமானம் என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம். அவர் வீட்டுக்கு அஸ்வெசும கொடுப்பனவு மாதம் 8,500 வந்துகொண்டிருந்தது. இந்த ஒப்புதலுக்குப் பிறகு அதை எப்படித் தக்கவைப்பது? அடுத்த ஆண்டும் அதே வரவுகள் வந்தால் அப்போது என்ன சொல்வது? “இல்லாத வருமானத்த ஒத்துக்கொள்ள வேணாம் அக்கா” என்றேன்.

வங்கிக் கூற்றை மேசையில் விரித்து, நாலு நிறப் பேனாவால் வரி வரியாக அடையாளம் போட்டோம். இப்படிப்பட்ட அறிவித்தலுக்கு ஒரே வசனத்தில் பதில் எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. “உறவினர் அனுப்பிய பணம்” என்று மட்டும் எழுதினால், அதற்குள் அடங்காத ஒரு வரவை அதிகாரி கண்டுபிடித்த கணத்தில் மற்ற 202க்கும் நம்பிக்கை போய்விடும். இந்தக் கணக்கில் உண்மையிலேயே நாலு வகைப் பணம் கலந்து கிடந்தது.

முதல் வகை, கோயில் காசு. 118 வரவுகள், 8 இலட்சத்து 74,000. அந்த அம்மாவின் தாய்வழி படுவான்கரை. மட்டக்களப்பில் குடி தாய்வழியே வருவதால், வாவிக்கு இந்தப் பக்கம் வந்து குடியிருந்தாலும் திருவிழாவில் அவருடைய குடிக்குரிய நாள் அங்குள்ள கோயிலில்தான். அந்த நாளின் செலவைக் குடிமக்கள் எல்லோரும் பங்கு போட்டுத் தருவார்கள். முன்பு வண்ணக்கர் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த பணம் அது. கைத்தொலைபேசியில் அனுப்பும் காலம் வந்ததும், பட்டணத்துக்குப் பக்கத்தில் இருப்பவர், நம்பிக்கையானவர் என்று இவருடைய பழைய கணக்கின் இலக்கத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கணக்கு விழித்துக்கொண்டது அதற்காகத்தான். மீள இயக்கும்போது வங்கி கொடுத்த படிவத்தில் தொழில் என்ற இடத்தில் வீட்டுப் பணி என்றும், மாதம் எதிர்பார்க்கும் கொடுக்கல் வாங்கல் என்ற இடத்தில் ஆகக் குறைந்த தொகையையும் குறித்திருந்தார். படிவம் ஒன்று சொல்ல, கூற்று வேறொன்று சொன்னது. இத்தகைய கணக்குகள் கண்ணில் படுவதே இந்த முரணால்தான்.

கோயில் காசு என்பதை நிரூபிக்க வந்த பக்கத்தை மட்டும் காட்டினால் போதாது, போன பக்கத்தையும் காட்ட வேண்டும். அவருக்கென்று வந்த பணமானால் அது அவரிடம் தங்கியிருக்கும், இல்லையேல் அவருடைய வீட்டுச் செலவுக்குப் போயிருக்கும். இங்கே திருவிழாவுக்கு முந்திய மூன்று கிழமைக்குள் 8 இலட்சத்து 61,000 வெளியே போயிருந்தது. மேளத்துக்கு, பந்தலுக்கு, மின் அலங்காரத்துக்கு, அன்னதான அரிசிக்கு. வண்ணக்கரின் கொப்பியில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கு நேரே தொகையும் திகதியும் இருந்தன. கொப்பியின் பெயர்களையும் கூற்றின் வரவுகளையும் ஒன்றுக்கொன்று இணைத்து அட்டவணை போட்டேன். மிச்சம் 13,000 அடுத்த வருடத்துக்கு என்று கொப்பியிலேயே எழுதியிருந்தது. அட்டவணையோடு பற்றுச்சீட்டுகள், வண்ணக்கரின் கடிதம், அந்த அம்மாவின் சத்தியக்கடதாசி ஆகியவற்றையும் சேர்த்தோம். அவர் அந்தப் பணத்தை வைத்திருந்தவர், உரிமையாளர் அல்ல என்பதுதான் எங்கள் வாதம்.

இரண்டாவது வகையில்தான் ஆபத்து இருந்தது. மாதம் மூன்று முறை, ஒவ்வொன்றும் 10,000. 12 மாதத்தில் 36 வரவுகள், 3 இலட்சத்து 60,000. அனுப்பியவர்களின் பெயர்களில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. சில கொழும்பிலிருந்து, சில குருநாகலிலிருந்து, சில பண வைப்பு இயந்திரத்தில் பெயரே இல்லாமல். “மகன் கத்தார்ல இருந்து அனுப்புற காசு” என்றார். பிறகு ஏன் குருநாகல்?

அது உண்டியல். 2021இல் வங்கிகள் டொலருக்கு 200 ரூபாய் அளவில் கொடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே அதைவிடக் கூடக் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வங்கி வழியே வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்து 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. காரணங்களில் பெரியது இந்த வித்தியாசம். ரூபாய் விலை மாறிய பிறகும் சிலருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. மகன் டோஹாவில் ஒருவரிடம் ரியால் கொடுப்பார். அந்த ரியால் இலங்கைக்கு வராது. இங்குள்ள கூட்டாளி, வேறு யாரோ அவருக்குக் கொடுக்க வேண்டிய ரூபாயை இந்தக் கணக்கில் நேரே போடச் சொல்வார். அதனால்தான் பணம் போடுபவர் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள்.

பெறுபவருக்குத் தெரியாத கெடுதி ஒன்று இதில் உண்டு. இந்தப் பக்கம் விழும் ரூபாய் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அது இணைய மோசடியில் ஏமாந்த ஒருவருடைய பணமாகவும் இருக்கலாம். அப்படியானால் பொலிஸ் விசாரணை பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு நேரே இந்தத் தாயின் கணக்கில் வந்து நிற்கும். பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ், தெரிந்த வருமானத்துக்குள் அடங்காத பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டும் பொறுப்பு வைத்திருப்பவர் தலையில் விழக்கூடும். வங்கிக்குச் சந்தேகம் வந்தால், 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்லவும் கூடாது.

வண்ணக்கர் ஒரு யோசனை சொன்னார். “இதையும் கோயில் காசுக்குள்ள போட்டு எழுதுங்களன் சேர்.” மாட்டேன் என்றேன். பொய்த் தகவல் கொடுப்பது அதே வரிச் சட்டத்தின் கீழ் குற்றம். அதோடு, ஆடி மாதத்தோடு முடிந்த திருவிழாவுக்கு மார்ச் மாதம் வரை ஒரே தொகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

ஆகவே தெரிந்ததை மட்டும் எழுதினோம். மகனின் வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, ஒவ்வொரு மாதமும் சம்பளம் விழுந்து இரண்டொரு நாளில் பணம் எடுத்ததைக் காட்டும் அவருடைய வங்கிக் கூற்று, முகவரோடு நடந்த வட்ஸ்அப் செய்திகள். அந்தச் செய்திகளில் இருந்த தொகையும் திகதியும் இங்குள்ள வரவுகளோடு பொருந்தின. பதிலில் நான் எழுதியது இதுதான்: இப்பணத்துக்கு ஈடு மகன் தன் சம்பளத்திலிருந்து டோஹாவில் கொடுத்தது, தாயின் பராமரிப்புக்கானது. இங்கு பணம் வைப்பிலிட்டவர்களைத் தாய்க்குத் தெரியாது. அவர்களைப் பற்றி அவரால் எதுவும் உறுதி கூற முடியாது. இந்த முறை நிறுத்தப்பட்டுள்ளது. கடைசி வசனம் பொய்யாகக் கூடாது என்பதற்காக, பதில் போகுமுன்பே மகன் வங்கி வழியே அனுப்பத் தொடங்கினார். முதல் அனுப்புகையின் சீட்டையும் இணைத்தோம்.

மூன்றாவது வகை 45 வரவுகள், 1 இலட்சத்து 83,500. கணவர் வாவியில் பிடிக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் பட்டணத்து வீட்டுக்காரர்கள் அனுப்பிய பணம். இது வருமானமேதான். உழைத்தவர் கணவர் என்பதால் அது அவருடைய வருமானம். அவருக்குத் தனிக் கணக்கில்லை. கையில் வாங்கிய விற்பனையையும் சேர்த்து அவருடைய ஆண்டு வருமானத்தைக் கணித்தோம். 12 இலட்சத்துக்கு வெகு கீழே நின்றது. அதைக் கணவரின் கையெழுத்தோடு அப்படியே கொடுத்தோம். சிறு வருமானத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், மற்றவை வருமானம் அல்ல என்று சொல்வதற்குப் பலம் வருகிறது.

கடைசியில் நாலு வரவுகள், 8,500 ரூபாய், எதிலும் ஒட்டவில்லை. எங்காவது ஒரு வகைக்குள் திணித்துவிட்டால் கூட்டுத்தொகை அழகாக முடியும். நான் தனித் தலைப்பிட்டு, “மூலம் அறியப்படவில்லை, வைப்பாளர் விபரம் கேட்டு வங்கிக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது” என்று எழுதி, விண்ணப்பத்தின் பிரதியையும் வைத்தேன். நாலு வகைகளையும் கூட்டினால் 203 வரவுகளும் 14 இலட்சத்து 26,000மும் சதம் பிசகாமல் வந்தன. அதிகாரி முதலில் பார்ப்பது இந்தப் பொருத்தத்தைத்தான்.

விசாரணைக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். உண்டியல் பற்றி நிறையக் கேட்டார்கள், கோயில் கொப்பியை முழுக்கப் புரட்டினார்கள். பின்னர் அந்த ஆண்டுக்கு வரி மதிப்பீடு எதுவும் இல்லை என்று கடிதம் வந்தது. அந்த நாலு வரவுகளில் 5,000 ரூபாய் ஒன்று, கணக்கிலக்கத்தில் ஒரு எண் பிசகி வந்தது என்று வங்கி மூலம் தெரிந்து உரியவருக்குத் திரும்பிப் போயிற்று. குடிக்கென்று இப்போது மூன்று பேர் பெயரில் தனிக் கணக்கு இருக்கிறது. இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது. அந்த அம்மாவின் கணக்கில் மகனின் பணம் மட்டும், மாதம் ஒரு தடவை, அனுப்பியவர் பெயரோடு வருகிறது.